லீ குவான் யூ கண்ணீர் சிந்திய காணொளி: நடந்தது எது, நாம் ஒட்டிக்கொண்டது எது?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதம் பிறந்தால் போதும், புலனக் குழுக்களிலும் முகநூலிலும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காணொளி மீண்டும் சுற்றத் தொடங்கிவிடும். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ நிருபர்கள் முன் அமர்ந்து பேசுகிறார். பேச்சு தடுமாறுகிறது. கைக்குட்டையை எடுத்துக் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். ஓரிரு நிமிடங்களில் காட்சி முடிந்துவிடுகிறது.

காட்சி ஒன்றுதான். அதற்குக் கீழே வரும் கருத்துகளோ ஒன்றுக்கொன்று எதிரானவை. "மலேசியா சிங்கப்பூரை விரட்டிவிட்டது, அதனால் அழுதார்" என்பது ஒரு வகை. "எல்லாம் நாடகம், பிரிய வேண்டும் என்று திட்டம் போட்டவரே அவர்தான்" என்பது இன்னொரு வகை. "சுதந்திரமே வேண்டாம் என்று அழுத தலைவர்" என்பது மூன்றாவது வகை. ஜொகூர் பாருவில் ஒரு வீடு, உட்லண்ட்ஸில் ஒரு வீடு என்று வாழும் குடும்பங்களில் இந்த வாக்குவாதம் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிடுகிறது.

இந்த மூன்று வகைக் கருத்துகளிலும் உண்மையும் இருக்கிறது, அந்த உண்மையைச் சுற்றிப் போடப்பட்ட ஒரு சட்டமும் இருக்கிறது. படத்துக்குச் சட்டம் போடுவது போலத்தான். எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்ப்பது என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. அறுபது ஆண்டுகளில் பல ஆவணங்கள் வெளிவந்துவிட்டதால், இந்தக் காணொளியில் படத்தையும் சட்டத்தையும் தனித்தனியாகக் கழற்றிப் பார்க்க முடியும்.

காணொளியில் உண்மையில் இருப்பது

நாள் 1965 ஆகஸ்டு 9, திங்கட்கிழமை. அன்று காலை 10 மணிக்குச் சிங்கப்பூர் வானொலியில் பிரிவினைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதே நேரத்தில் கோலாலம்பூரில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நண்பகலில் சிங்கப்பூர் ஒலிபரப்பு நிலையத்தில் லீ நிருபர்களைச் சந்தித்தார். நாம் பார்ப்பது அந்தச் சந்திப்பின் ஒரு துண்டு.

ஆக, அது மேடையில் ஆற்றிய உரை அல்ல. பிரிவினை வரை நடந்தவற்றை விளக்கச் சொல்லி நிருபர்கள் கேட்ட பிறகு, அவர் நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பதிலின் நடுவில்தான் தடுமாறினார். சுற்றில் இருக்கும் துண்டுகளில் பெரும்பாலும் கேள்வி இருக்காது. கேள்வி இல்லாமல் பார்க்கும்போது, அழுவதற்கென்றே கேமரா முன் வந்து உட்கார்ந்தவர் போலத் தோன்றும்.

இனி அவர் சொன்னதைக் கவனிப்போம். சிங்கப்பூரை மலேசியாவிலிருந்து துண்டித்த அந்த உடன்படிக்கையில் "நாங்கள் கையெழுத்திட்ட" தருணத்தை எப்போது திரும்பிப் பார்த்தாலும் அது வேதனையான தருணமாகவே இருக்கும் என்கிறார். வயது வந்த காலம் முழுவதும் இரு நிலப்பகுதிகளின் இணைப்பையும் ஒற்றுமையையும் நம்பியவன் தாம் என்கிறார். நிலவியலாலும் பொருளாதாரத்தாலும் உறவு முறையாலும் பிணைந்த மக்கள் என்கிறார். அதற்குமேல் பேச முடியாமல், சற்று நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இதில் "விரட்டினார்கள்" என்ற சொல் இல்லை. "கையெழுத்திட்டோம்" என்பது இருக்கிறது. சுதந்திரம் வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. நம்பியிருந்த இணைப்பு முறிந்தது வேதனை என்கிறார். தமிழில் அடிக்குறிப்பு போட்டுப் பகிரப்படும் சில துண்டுகளில் இந்த வாக்கியம் "மலேசியா எங்களைத் துரத்தியது" என்று மாறிவிடும். எழுவாயே மாறிப்போகிறது. மொழிபெயர்த்த துண்டைப் பார்க்கும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்: வாக்கியத்தில் செயலைச் செய்தவர் யார்? மூலத்திலும் அவர்தானா?

"விரட்டினார்கள்" என்ற சட்டம்

இந்தச் சட்டத்துக்கு உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. பிரிவினைதான் ஒரே வழி என்ற முடிவுக்கு வந்து, அதில் உறுதியாக நின்றவர் துங்கு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொன்னால், 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானது. அடுத்த ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் இனக்கலவரம் வெடித்தது. இரண்டிலும் சேர்த்து 36 பேர் மாண்டனர். 1964 தேர்தலில் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் போட்டியிட்டது அம்னோவின் கோபத்தைக் கிளறியது. அந்தத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்த ஒரே தொகுதி பங்சார், வென்றவர் தேவன் நாயர். 1965-இல் "மலேசியர்களின் மலேசியா" என்ற முழக்கம் எழுந்தபோது இரு தரப்புப் பேச்சுகளும் மேலும் சூடாயின.

1965 ஜூனில் காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டன் சென்ற துங்கு, அக்கி நோயால் மருத்துவமனையில் படுத்திருந்தார். அங்கிருந்தபடியே பிரிவினை பற்றி யோசித்தவர், ஜூலை 1-ஆம் தேதி துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கிற்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டு 7-ஆம் தேதி கோலாலம்பூரில் லீ அவரைத் தனியாகச் சந்தித்து, முழுப் பிரிவினைக்குப் பதிலாகத் தளர்வான கூட்டரசு அமைக்கலாமே என்று கேட்டதாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். துங்கு இணங்கவில்லை. இந்த அளவுக்கு "தள்ளப்பட்டார்கள்" என்ற சொல்லுக்கு இடம் உண்டு.

சட்டம் மறைப்பது என்ன? விரட்டுவது என்றால் ஒருவர் கதவைச் சாத்த, மற்றவர் வெளியே நிற்க வேண்டும். இங்கே நடந்தது அப்படி இல்லை. ஜூலை நடுப்பகுதியிலிருந்தே சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ, ரசாக்கோடும் உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயிலோடும் இரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஜூலை 26-ஆம் தேதி, மலேசியாவின் அரசமைப்பு மாற்றம் பற்றிய எந்த யோசனையையும் பேசுவதற்கு அவருக்கு அதிகாரம் அளித்து லீ தம் கையாலேயே கடிதம் எழுதிக் கொடுத்தார். பிரிவினைக்கான ஆவணங்களை வரைந்தவர் சிங்கப்பூரின் சட்ட அமைச்சர் எட்டி பார்க்கர்.

ஆகஸ்டு 7 தேதியிட்ட அந்த உடன்படிக்கையில் மலேசியா சார்பில் ஐந்து பேரும் சிங்கப்பூர் சார்பில் பத்து அமைச்சர்களும் கையெழுத்திட்டார்கள். நம் சமூகத்தினர் அந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மலேசியாவின் ஐவரில் ஒருவர், தோட்டத் தொழிலாளர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழி அறிந்த ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன். சிங்கப்பூரின் பத்துப் பேரில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்னம்.

அந்தப் பத்துப் பேரில் எல்லாரும் மனமுவந்து கையெழுத்திடவில்லை. பேராவில் பிறந்து வளர்ந்த தோ சின் சாயும் ராஜரத்னமும் கடைசிவரை தயங்கினார்கள். வேறு வழியே இல்லை என்று துங்கு தோ சின் சாய்க்குக் கடிதம் எழுதிய பிறகே அவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்டு 9-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அரசமைப்புத் திருத்தம் 126 வாக்குகளுடன் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

ஆகவே ஆவணங்களுக்குப் பொருந்தும் வாக்கியம் இப்படி இருக்கும்: துங்கு பிரிவினையில் உறுதியாக இருந்தார், சிங்கப்பூர்த் தரப்பில் சிலர் அதை விரும்பிப் பேச்சு நடத்தினார்கள், சிலர் தயங்கினார்கள், இறுதியில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. "விரட்டினார்கள்" என்ற ஒற்றைச் சொல் இதில் பாதியை மூடிவிடுகிறது.

"எல்லாம் நாடகம்" என்ற சட்டம்

மேலே சொன்ன விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரண்டாவது வகைக் கருத்து கிளம்புகிறது. கோ கெங் சுவீ அந்தப் பேச்சுவார்த்தைக் குறிப்புகளை ஒரு கோப்பில் வைத்திருந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் அல்பட்ராஸ், கழுத்தில் தொங்கும் சுமையாக ஓர் ஆங்கிலக் கவிதையில் வரும் கடற்பறவை. மலேசியா என்ற இணைப்பே சுமையாகிவிட்டது என்பது பொருள். 1982-இல் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்த வாய்மொழி வரலாற்றில் அவரே இந்தக் கோப்பைப் பற்றிப் பேசினார். அதிலுள்ள ஆவணங்கள் 2025 டிசம்பரில் நூலாகவும் கண்காட்சியாகவும் மக்கள் பார்வைக்கு வந்தன.

கோப்பு வெளிவந்ததும், "பார்த்தீர்களா, அப்போதே திட்டம் போட்டிருக்கிறார்கள், அழுதது நடிப்பு" என்ற கருத்து வலுத்தது. இதில் இரண்டு வேறு செய்திகள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூர்த் தரப்பு பேச்சு நடத்தியது என்பது ஒன்று. அதற்கு ஆவணம் இருக்கிறது. கண்ணீர் பொய் என்பது இன்னொன்று. அதற்கு ஆவணம் இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு முடிவுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு அதே முடிவுக்காக வருந்துவது மனிதருக்கு இயல்பு. தோட்டத்து வீட்டை விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பெரியவர் சாவியைக் கொடுக்கும்போது அழுதால், யாரும் அவரை நடிகர் என்று சொல்வதில்லை.

அந்தக் கோப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு விவரமும் இருக்கிறது. கோவும் லீயும் ஒரே நினைப்பில் இல்லை. லீ கொடுத்த கடிதம் "அரசமைப்பு மாற்றம்" என்று பரந்த சொல்லைப் பயன்படுத்தியது. தளர்வான கூட்டரசுக்கும் அதில் இடமிருந்தது. கோ அந்தத் தளர்வான ஏற்பாட்டை ரசாக்கிடம் வற்புறுத்தவே இல்லை, நேராக முழுப் பிரிவினையையே பேசினார். இது தமக்கு 1994-இல் கோவின் வாய்மொழி வரலாற்றைப் படித்தபோதுதான் தெரியவந்தது என்று லீ எழுதியிருக்கிறார். "அவர்கள் திட்டமிட்டார்கள்" என்று பன்மையில் சொல்லும்போது, இந்த வேறுபாடு காணாமல் போகிறது. கருத்துகளைப் படிக்கும்போது "அவர்கள்" என்ற சொல் வந்தால், எவரெவர் என்று பெயரிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். பெயரிட்டவுடன் பல வாக்கியங்கள் நிற்காமல் விழுந்துவிடும்.

லீ சொன்னது அவர் தரப்புச் சாட்சியம்தான் என்பதையும் மறக்கக்கூடாது. நினைவுக்குறிப்பு எழுதுபவர் தமக்குச் சாதகமாக நினைவுகூர்வார். அதே காலத்தில் எழுதப்பட்ட கடிதமும் குறிப்பும் அதைவிடக் கனமானவை. 1965 ஜூலை 26 கடிதம் 1965-லேயே எழுதப்பட்டது, பின்னாளில் என்ன நடக்கும் என்று தெரியாத கையால். இரண்டும் முரண்பட்டால் பழைய தாளுக்கே முதலிடம்.

வெட்டப்பட்ட பகுதி

காணொளி கைக்குட்டையோடு முடிகிறது. நிருபர் சந்திப்பு அத்தோடு முடியவில்லை. தம்மைத் தேற்றிக்கொள்ள ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனதாக லீ எழுதியிருக்கிறார். அதன்பிறகு அவர் மீண்டும் அமர்ந்து பேசினார். பதற்றப்பட வேண்டாம், பல காரியங்கள் வழக்கம்போலவே நடக்கும், உறுதியாகவும் அமைதியாகவும் இருங்கள் என்றார். சிங்கப்பூர் பல இன நாடாக இருக்கும், இது மலாய் நாடும் அல்ல, சீன நாடும் அல்ல, இந்திய நாடும் அல்ல, மொழி, பண்பாடு, சமயம் ஆகியவற்றில் எல்லாருக்கும் சமமான இடம் உண்டு என்று சொன்னதும் அதே சந்திப்பில்தான்.

அன்றைய சிங்கப்பூரில் நான்கில் மூன்று பங்கு மக்கள் சீனர்கள். இனி தங்கள் நிலை என்ன என்று மலாய்க்காரர்களும் இந்தியர்களும் கவலைப்பட்ட நாள் அது. சிறுபான்மைச் சமூகங்களுக்கு அந்தச் சந்திப்பில் இருந்த முக்கியமான செய்தி இதுதான். ஆனால் கண்ணீர் பகிரப்படும் அளவுக்கு இந்தப் பகுதி பகிரப்படுவதில்லை. "சுதந்திரமே வேண்டாம் என்று அழுதவர்" என்ற மூன்றாவது சட்டம் நிற்பதற்கு, இந்தப் பகுதி வெட்டப்பட்டிருக்க வேண்டும். முழுப் பதிவைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல முடியாது.

அழுத காட்சியே நமக்குக் கிடைக்காமல் போயிருக்கவும் கூடும். அதை நீக்கிவிடும்படி லீ வானொலி தொலைக்காட்சி நிலையத் தலைவர் பி.எஸ். ராமனிடம் கேட்டார். சென்னையில் பிறந்த தமிழரான ராமன் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னார். நிருபர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள், படத்தை வெட்டினால் அவர்கள் எழுதும் வருணனை நடந்ததைவிட மோசமாகத் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். லீ ஏற்றுக்கொண்டார். அன்று மாலை காட்சி அப்படியே ஒளிபரப்பானது. வெட்டப்பட்ட காட்சியை மக்கள் தங்கள் கற்பனையால் நிரப்பிக்கொள்வார்கள் என்று ராமன் 1965-லேயே கணித்திருந்தார்.

அன்று எல்லாரும் அழவும் இல்லை. சைனாடவுனில் பட்டாசு வெடித்துக் கொண்டாடியவர்கள் உண்டு. "நாடே அழுதது" என்ற தலைப்போடு காணொளி வந்தால், ஒருவர் அழுததை நாட்டின் கணக்கில் எழுதுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு பதிவை எப்படிப் பிரிப்பது

சுற்றில் வரும் பதிவுகளைப் போல ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்வோம்: "1965-இல் மலேசியாவால் கைவிடப்பட்ட சிங்கப்பூரை நினைத்து, சுதந்திர உரையில் லீ குவான் யூ கதறி அழுதார்." இதை ஐந்து துண்டாக வெட்டலாம்.

"1965-இல்" என்பது சரி. "சுதந்திர உரையில்" என்பது தவறு. அது நிருபர் சந்திப்பு, கேள்விக்குச் சொன்ன பதில். "அழுதார்" என்பது காணொளியிலேயே தெரிகிறது. "கதறி" என்பது எழுதியவர் சேர்த்த மசாலா. ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாலும் கதறல் இல்லை, தடுமாற்றமும் மௌனமும்தான். "மலேசியாவால் கைவிடப்பட்ட" என்பது ஒரு தீர்ப்பு. கைவிடுவது ஒருவர் மட்டும் செய்யும் செயல். கையெழுத்துகளோ பதினைந்து.

மிஞ்சுவது: "1965 ஆகஸ்டு 9-ஆம் தேதி நிருபர் சந்திப்பில், பிரிவினை உடன்படிக்கையைப் பற்றிப் பேசும்போது லீ குவான் யூ கண்ணீர் சிந்தினார்." இதை யாரும் மறுக்க முடியாது. ஆவேசம் குறைந்த வாக்கியம் என்பதால் யாரும் அவசரமாகப் பகிரவும் மாட்டார்கள். பகிரத் தூண்டிய சொற்கள் எவை என்று பார்த்தால், அவை பெரும்பாலும் வெட்டி எறிந்த சொற்களாகவே இருக்கும்.

வினைச்சொல்லும் அடைமொழியும்தான் சட்டத்தின் ஆணிகள். "விரட்டியது", "பிரித்தது", "பிரிந்தது", "விடுதலை பெற்றது" ஆகிய நான்கும் ஒரே நாளைத்தான் குறிக்கின்றன. ஒவ்வொன்றும் பழியையோ பெருமையையோ வேறு வேறு வாசலில் கொண்டுபோய் வைக்கிறது. தேதி, இடம், கையெழுத்து, வாக்கு எண்ணிக்கை ஆகியவை அப்படி இடம் மாறுவதில்லை.

உடன்படிக்கைத் தாளில் சம்பந்தனின் கையெழுத்து ஒரு பக்கமும் ராஜரத்னத்தின் கையெழுத்து மறுபக்கமும் இருக்கின்றன. சிரம்பானில் வளர்ந்தவர் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டார், அதுவும் தயங்கித் தயங்கி. காணொளியில் லீ "உறவு முறை" என்ற சொல்லுக்கு வந்த இடத்தில்தான் குரல் உடைந்தது. கைக்குட்டை வரைக்கும் காத்திருக்காமல் அந்தச் சொல்லையும் கேட்டுவிட்டுப் பகிர்ந்தால், கீழே வரும் வாக்குவாதத்தில் பாதி குறையும்.